ஹில்டா அக்காவுக்கு நாற்பத்திரண்டு நொடி

மைக்கைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். தாம்பரத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் யார் ரிடையர் ஆனாலும், "கோகிலா, ரெண்டு வரி எழுதிக் குடேன்" என்று என்னிடம்தான் வருவார்கள். பேஷண்ட்டுகள் வந்துகொண்டே இருப்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் கூட முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் ஃபோனில் பேசி அனுப்புவது எங்கள் வழக்கம். ரிசப்ஷன் தேவதர்ஷினி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, டீ நேரத்தில் ஸ்பீக்கரில் போடுவாள்.

இந்த முறை ரிடையர் ஆனது ஹில்டா அக்கா. இருபத்தாறு வருடமாக எங்கள் லேபில் ரத்தம் எடுத்தவர். முதல் தடவையாக எனக்காக எழுதினேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டியவள் நான். டாக்டருக்குச் சந்தேகம் வந்து மறுபடி எடுக்கச் சொன்னதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் சேர்ந்து நாலு மாதம்தான். தெரிந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். "நான்தான் சார் ஒட்டினேன்" என்று அக்கா முன்னால் போய் நின்றார். மேனேஜர் குமரேசன் பேஷண்ட்டுகள் எதிரிலேயே அவரைத் திட்டி மெமோ கொடுத்தார். அக்காவுக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பதவி அதோடு போயிற்று. நான் வாயே திறக்கவில்லை. வெட்கங்கெட்டவள் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

எழுதும் முறை எனக்கு அத்துப்படி. பேசுகிற மாதிரியே, ஒரு மூச்சுக்கு ஒரு வரி. பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அன்பு, பண்பு, பாசம் என்று அடுக்கினால் ஒருவர் மனதிலும் நிற்காது. நடந்ததில் ஒன்றைச் சொன்னால் போதும். நன்றி கடைசியில், ஒரே தடவை.

"ஹில்டா அக்கா. ஒரு நாள் நம்ம லேப்ல ஒரு தப்பு நடந்துச்சு. சீட்டை மாத்தி ஒட்டினது நான். முன்னாடி வந்து நின்னது நீங்க. அன்னிக்கு உங்க கை நடுங்குச்சு. பார்த்துட்டும் சும்மா நின்னேன். இத சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. மன்னிச்சிடுங்க. நன்றிக்கா."

ஸ்டோர் ரூமில் ஃபேனை நிறுத்திப் பேசினால் ஃபிரிட்ஜின் உறுமல் விழுந்தது. மாடிப்படிக்குப் போனேன். மூச்சுக்காற்று இரையாமலிருக்க ஃபோனை ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தேன். மைக் பட்டனை அழுத்தி மேலே தள்ளிவிட்டால் விரலை எடுத்தாலும் பதிவாகும். நாலு தடவையும் 'நான்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஐந்தாவது சரியாக வந்தது, நாற்பத்திரண்டு நொடி. போட்டுக் கேட்டுவிட்டு தேவதர்ஷினிக்கு அனுப்பினேன். எந்த இடத்திலும் வெட்டிவிடக் கூடாதே என்று, எழுதியதையும் கூடவே அனுப்பித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. சமோசா, கேக், மாலை. மேனேஜர் குமரேசன் கோவளத்தில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். ஸ்பீக்கரில் முதலில் அவர் குரல்தான் வந்தது.

"ஹில்டா அக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு நாள் நம்ம லேப்ல ஒரு தப்பு நடந்துச்சு. முன்னாடி வந்து நின்னது நீங்க. அன்னிக்கு உங்க கை நடுங்குச்சு. இத சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. மன்னிச்சிடுங்க. நன்றிக்கா."

'அக்கா' என்று அந்த மனிதர் ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை. கை தட்டினார்கள். ஹில்டா அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார்.

தேவதர்ஷினியைத் தனியே இழுத்தேன்.

"சாருக்கு இன்னா பேசறதுன்னே தெரியலக்கா. சும்மா மாதிரிக்குன்னு உங்களோடத அனுப்பினேன். அவர் ரெண்டு வரிய எடுத்துட்டு அப்படியே படிச்சிட்டார். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சா, அதான் உங்களோடத சேர்க்கல. கோச்சுக்காதீங்க."

கோபம் உச்சிக்கு ஏறியது. அதற்குமுன் ஒரு கணம், நான் செய்த தப்பு எல்லோர் முன்னாலும் வெளிவராமலே போனதே என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மாலையைப் பையில் வைத்துக்கொண்டு அக்கா என்னிடம் வந்தார்.

"எல்லாரும் பேசினாங்க, உன் குரலத்தான் காணோம். இன்னாடி?"

"அனுப்ப மறந்துட்டேன்க்கா."

அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு அவரே சமாளித்துக்கொண்டார். "பரவால்ல விடு. சாரே மன்னிப்பு கேட்டாருடி! இத்தினி வருசம் உள்ள வச்சிகினு இருந்துகிறாரு பாரு. எனக்கு அது போதும்."

அது என் வார்த்தை என்று சொன்னால், அவருக்குக் கிடைத்த அந்த ஒன்றையும் நானே பிடுங்கியதாகும்.

"சார் பேசினது மட்டும் என் ஃபோனுக்கு அனுப்பேன். வூட்டுல போட்டுக் காட்டணும்."

தேவதர்ஷினியிடம் வாங்கி அனுப்பினேன். என் எதிரிலேயே காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுவதும் கேட்டார்.