தாமோதரன் ஐடி

எங்கள் டீமில் அதிகமாக வேலை செய்தவன் தாமோதரன். கிளையன்ட்டின் சர்வரில் யார் எந்த ப்ரோகிராமை ஏற்றினார்கள் என்று பார்த்தால் பக்கம் பக்கமாக அவன் பெயர்தான் வரும். அந்த தாமோதரன் ஏப்ரல் மாதமே வேலையை விட்டுப் போய்விட்டான். நான் சொல்வது இரண்டாயிரத்து எட்டு நவம்பரில் நடந்தது.

நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதுவதில் ஓட்டை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. பரனூர் பக்கத்து ஆபீஸில் எங்கள் டீமைப் பொறுத்தவரை அந்தப் பிழைப்புக்குப் பஞ்சமே வந்ததில்லை. டெவலப்பர்கள் யாருக்கும் கிளையன்ட் சர்வரில் சொந்த ஐடி கிடையாது. மேனேஜர் ராஜாராம் மெயிலைத் திறந்து ஒப்புதல் கொடுத்தால் ஐடி வந்துவிடும். அந்த ஒரு கிளிக்குக்கு அவருக்கு நேரம் இருந்ததில்லை. ஆகவே போனவனின் ஐடியை மூடச் சொல்லாமல், இருந்தவர்கள் எல்லாரும் அதிலேயே குடும்பம் நடத்தினார்கள்.

ஆனால் ராஜாராமிடம் ஒரு செக்லிஸ்ட் இருந்தது. புதிதாக வரும் டெவலப்பரை ஒரே வாரத்தில் தயார்படுத்துவதற்கு. முதலில் ஆக்சஸ், அதாவது சர்வரில் நுழையச் சொந்த ஐடி, பிறகு சொந்த மெஷினில் ப்ராஜெக்டை ஓடவைப்பது, வெள்ளிக்குள் ஒரு சின்ன வேலையை முடித்து சர்வரில் ஏற்றுவது. நல்ல யோசனைதான், யாராவது அதைச் செய்திருந்தால். அவர் அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டிவிட்டு, மீட்டிங்குக்கு மீட்டிங் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிற மாதிரி.

அந்தத் திங்கட்கிழமை ஜெபா வந்தாள். திருவிடந்தைக்காரி, பொத்தேரியில் ஹாஸ்டல். அமெரிக்காவில் பேங்க் கவிழ்ந்ததில் எங்கள் ஆபீஸுக்குக் காய்ச்சல் கண்டிருந்த சமயம். ப்ராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெபாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வெள்ளிக்குள் அவள் தேறவில்லை என்றால் வேலையே போகும். இதை எச்.ஆர். அவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தது.

அவள் ஆக்சஸ் வேண்டி ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு ராஜாராமிடம் போய் நின்றாள்.

“போட்டாச்சா? குட். அப்ப ஆக்சஸ் முடிஞ்சுது” என்று கட்டத்தில் டிக் அடித்தார் அவர். “கிருபாகரன், இவங்களுக்கு அந்த ஐடிய குடுத்துரு.”

ஜெபா என் பக்கத்து சீட்டுக்கு வந்தாள். “இன்னாக்கா இது? ஐடியே வர்ல, டிக் அட்ச்சிட்டாரு?”

“அவரு டிக் அடிக்கறதுக்கே பொறந்தவரும்மா. நீ வேலையப் பாரு” என்றேன்.

அடுத்தது மெஷின். கிருபாகரன் சீனியர் டெவலப்பர். தன் போல்டரை அப்படியே காப்பி செய்து அவளிடம் கொடுத்தான். “டி டிரைவ்ல ‘கிருபா’ன்னு ஒரு போல்டர் போட்டு இத்த உள்ள வையி. அப்பதான் ஓடும்.”

“ஏண்ணா எம் மெஷின்ல உங்க பேரு?”

“ப்ரோகிராமுக்குள்ள அந்த போல்டர் பாதைய எழுதிட்டன். யாரு போய் மாத்திகினு இருக்கறது? எல்லாரும் அப்டிதான் வச்சிகினு கீறாங்க.”

உண்மைதான். எங்கள் டீமில் எல்லா மெஷினிலும் ஒரு ‘கிருபா’ உண்டு. படித்த மனிதர்கள். ஒரு வரியை மாற்றச் சோம்பல்பட்டுக்கொண்டு ஊர் முழுக்க ஒருவனுக்குக் கோயில் கட்டியிருந்தார்கள்.

ஜெபா கட்டவில்லை. பாதை எழுதியிருந்த இடங்களையெல்லாம் தேடி எடுத்து, தனியாக ஒரே ஒரு செட்டிங்ஸ் பைலில் கொண்டுவந்து வைத்தாள். எந்த ஜாவா வெர்ஷன் வேண்டும் என்று பழைய குறிப்பில் தப்பாக இருந்தது. அதையும் திருத்தினாள். புதன்கிழமை சாயங்காலம் ப்ராஜெக்ட் அவள் மெஷினில் ஓடியது. ராஜாராம் அதற்கான டிக்கை செவ்வாயே அடித்திருந்தார்.

முதல் வேலையாக அவளுக்குக் கிடைத்தது இன்ஷூரன்ஸ் பாரத்தில் ஒரு தேதிக் கோளாறு. பிப்ரவரி இருபத்தொன்பது என்று போட்டால் பாரம் ஏற்காது. அந்த வருஷம் லீப் வருஷம். அன்றைக்கு விபத்தில் சிக்கியவர்களின் கிளெய்மெல்லாம் அப்படியே நின்றிருந்தது. பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான் என்று எவனோ எழுதி வைத்திருந்தான். ஜெபா அந்தக் கணக்கையே தூக்கி எறிந்துவிட்டு, ஜாவாவில் இருக்கும் தேதிச் சோதனையையே பயன்படுத்தினாள். நான் ஓட்டை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அவள் ஐடி இன்னும் வரவில்லை. இரண்டு முறை கேட்டாள். “அதான் ஐடி குடுத்தாச்சே, ஏத்தும்மா” என்றார் ராஜாராம். வியாழன் அன்று ஏற்றினாள். தாமோதரன் பெயரில்.

வெள்ளி மாலை கிளையன்ட் கால், ஸ்பீக்கர் போனைச் சுற்றி நாங்கள் எல்லாரும். மார்கரெட் என்ற அம்மாள் அந்தப் பக்கம். எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிற ஆபத்தான பெண்மணி. தேதித் திருத்தம் பிரமாதம் என்றாள். தாமோதரனைப் பாராட்டச் சொன்னாள்.

“அவன் இன்னைக்கு லீவு. சொல்றேன்” என்றார் ராஜாராம், கூச்சமே இல்லாமல்.

“ஜெபாவுக்குத் திங்கட்கிழமையே ஆக்சஸ் வந்ததாக நீங்கள் அனுப்பிய செக்லிஸ்ட் சொல்கிறது. ஒரு வரிகூட அவர் ஏற்றவில்லையே? அவர் இந்த ப்ராஜெக்டுக்குத் தேவையா?”

ராஜாராம் ஜெபாவைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். “கொஞ்சம் ஸ்லோ. மாத்திடலாம்” என்றார்.

இவ்வளவு கேவலமான ஒரு மனிதருக்கு ஒவ்வொரு நாளும் குட் மார்னிங் சொன்னேனே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மார்கரெட் விடவில்லை. “தாமோதரன் வந்ததும் ஒன்று கேளுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிப்ரவரி இருபத்தொன்பது என்று போட்டால் என்ன ஆகும்?”

“ஏத்துக்காது மேடம்” என்றாள் ஜெபா. குரல் நடுங்கினாலும் விஷயம் நடுங்கவில்லை. “ரெண்டு சைபர்ல முடியற வருஷம் நானூறால வகுபட்டாதான் லீப். ரெண்டாயிரம் ஏத்துக்கும், அது ஏத்துக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் எழுதினேன்.”

“அவனுக்கு ஹெல்ப் பண்ணிருக்கா, அவ்ளோதான்” என்று ராஜாராம் முந்தினார்.

நான் போன் பக்கம் குனிந்தேன். “மேடம், தாமோதரன் ஏப்ரல்லயே வேலைய விட்டுட்டார். ஜெபாவோட ரிக்வெஸ்ட் திங்கட்கிழமையிலிருந்து ராஜாராம் மெயில்ல தூங்குது.”

பிறகு மார்கரெட் மிக மரியாதையாக, அந்த ஒப்புதலை இப்போதே, தான் லைனில் இருக்கும்போதே கொடுக்கச் சொன்னாள். ராஜாராம் கொடுத்தார். ஜெபாவின் ஐடியை மார்கரெட்டே உடனே திறந்துவிட்டாள். ஜெபா டீமிலேயே இருப்பாள் என்றாள். தாமோதரன் ஐடியை அப்போதே மூடினாள்.

மூடியதும்தான் மற்றவர்களுக்கு உறைத்தது. கிருபாகரனின் வேலை அன்றைக்கே சர்வரில் ஏறியாக வேண்டும். ஏற்ற அவனுக்கு ஐடி இல்லை. யாருக்கும் இல்லை. இனிப் போடும் ரிக்வெஸ்ட்டுகளைத் திங்கட்கிழமைதான் பார்ப்பேன் என்று மார்கரெட் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ராஜாராம் ஜெபாவின் சீட்டுக்கு வந்து நின்றார். பின்னால் கிருபாகரன். “ஜெபா, உன் பாஸ்வேர்ட கொஞ்சம் இவனுக்குக் குடும்மா. இன்னைக்கு ஒரு நாள்தான்.”

ஜெபா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“ஒரு பாஸ்வேர்டுதானம்மா, இன்னா ஆய்டப் போவுது?” என்றான் கிருபாகரன்.

“அது எம் பேருண்ணா” என்றாள் ஜெபா. “நீங்க ரிக்வெஸ்ட் போடுங்க. சார் டிக் அடிப்பாரு.”

ரயிலுக்கு நேரமாகியிருந்தது. நானும் அவளோடு எழுந்தேன்.