எனக்கு விட

அலுவலகத்தில் அவளுக்குத் திருத்தம்மா என்று பெயர். வைத்தது மேலாளர். ஒலிப்பதிவைக் கேட்டு வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. ஆனால் கை சும்மா இருக்காது. ஒருமையும் பன்மையும் இடித்தால் சரிசெய்வாள், பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்து வைப்பாள். "நம்ம ஆள் கையில பட்டா திக்குவாயனும் மேடைப் பேச்சாளர் ஆயிடுவான்" என்று மேலாளர் சிரிப்பார். அது பாராட்டு என்றுதான் எட்டு வருடமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பிரதியின் அடியிலும் ஒரு வரி உண்டு: "சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டது." அதன் கீழே அவள் கையெழுத்து. சில விசாரணைகளுக்கு அந்தக் கையெழுத்தை நேரில் வந்து உறுதி செய்யவேண்டும். அன்று காலை அதற்காகத்தான் மேலாளரும் அவளும் சுகாதாரத் துறையின் விசாரணை அறைக்கு வந்திருந்தார்கள். பத்து நிமிட வேலை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

வழக்கு சிக்கலானதல்ல, ஆனால் பயங்கரமானது. வயதான கணவன், மனைவி. இருவருக்கும் தூக்கம் வராத நோய். வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒருத்தி தினமும் மாலையில் ஒரே பாட்டிலிலிருந்து இருவருக்கும் தூக்க மருந்து ஊற்றிக் கொடுப்பாள். டாக்டர் சீட்டில் இருவருக்கும் ஒரே அளவு. ஒருநாள் மருந்து குடித்த கணவர் மறுநாள் விழிக்கவில்லை. பதினோரு நாளாகியும் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமல் கிடந்தார். அளவுக்கு மேல் மருந்து போயிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. நர்ஸை அனுப்பிய நிறுவனம், "எங்கள் ஆள் சரியான அளவுதான் கொடுத்தார், மனைவி தன் பங்குக்கும் கொடுத்திருக்கிறார்" என்றது.

அந்த அம்மா மேசையின் எதிரில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறந்த வீட்டு மொழி வேறு. கல்யாணமாகி வந்தபிறகு கணவரிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான் அவருடைய தமிழ். உதவிக்கென்று பக்கத்தில் யாரும் இல்லை.

நிறுவனத்தின் வக்கீல் பிரதியை எடுத்துப் படித்தார். "கேள்வி: அன்று மருந்து கொடுத்தது யார்? பதில்: அவங்கதான். என்னை விட அவருக்கு அதிகமா குடுத்தாங்க." காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, விசாரணை அதிகாரியான பெண்மணியின் பக்கம் திரும்பினார். "மேடம், கேள்வியே யார் குடுத்ததுன்னுதான். அதுக்கு இவங்க சொல்றாங்க, என்னை விட நர்ஸ் அதிகமா குடுத்தாங்கன்னு. அப்போ இவங்களும் குடுத்திருக்காங்க. எவ்வளவுன்னு மட்டும்தான் தெரியல. இது ஒப்புதல் இல்லாம வேற என்ன?"

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நான் தொடவே இல்லை. நான் அப்படிச் சொல்லல."

"நீங்க சொன்னதுதாம்மா. கையெழுத்துப் போட்டு வந்திருக்கு."

விசாரணை அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொழியியல் பேராசிரியரைப் பார்த்தார். மொழிச் சிக்கல் வந்தால் சொல்வதற்கென்றே வரவழைத்திருந்தார்கள். "நீங்க சொல்லுங்க சார். வக்கீல் சொல்ற அர்த்தம் வருமா?"

பேராசிரியர் பிரதியை வாங்கி அந்த வரியை இருமுறை படித்தார். அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரும்," என்றார் கடைசியில். "இல்லன்னு பொய் சொல்ல முடியாது. 'விட' வந்தா முன்னால இருக்கற சொல் 'ஐ' ஏத்துக்கணும். நான், எனக்கு, எதுவா இருந்தாலும் 'என்னை'ன்னுதான் ஆகும். 'என்னை விட அவன் வேகமா ஓடினான்'னா ஓடற நானும் ஓடற அவனும். 'என்னை விட அவனுக்குப் பசி அதிகம்'னா எனக்கு இருக்கற பசியும் அவனுக்கு இருக்கற பசியும். வேற்றுமை உள்ளே ஒளிஞ்சுடும். இந்த வாக்கியத்துல ரெண்டும் பொருந்தும். எனக்குக் குடுத்ததை விட அவருக்கு அதிகமா குடுத்தாங்க. இல்ல, நான் குடுத்ததை விட அவங்க அதிகமா குடுத்தாங்க. வாக்கியம் ரெண்டு அர்த்தத்துலயும் சரியான வாக்கியம்தான். சாதாரணமா முதல் அர்த்தம்தான் தோணும். ஆனா முன்னால 'யார்'னு கேள்வி இருக்கறதால ரெண்டாவதைத் தள்ள முடியல."

"அது போதும் எனக்கு," என்றார் வக்கீல்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த திருத்தம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். 'எனக்கு' என்ற சொல்லைப் பேராசிரியர் சொன்னபோதே ஏதோ உறுத்தியது. இப்போது அந்தக் குரல் அப்படியே திரும்பி வந்தது. தலையணி மாட்டிய காதுக்குள், கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசும் குரல். எனக்கு விட அவருக்கு அதிகமா குடுத்தாங்க. கேட்டதும் பல்லில் கல் கடிபட்டதுபோல் இருந்தது அவளுக்கு. இது என்ன தமிழ் என்று முனகியபடியே 'என்னை' என்று அடித்து, அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அரை நொடிகூட ஆகியிருக்காது.

மேலாளரின் பக்கம் சாய்ந்தாள். "சார், அந்த அம்மா 'என்னை'ன்னு சொல்லல. நான் மாத்தினேன்."

மேலாளர் திரும்பவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. "வாயைத் திறக்காத. கையெழுத்து உன்னுது. முத்திரை ஆபீஸோடது. எட்டு வருஷத்துப் பிரதி அத்தனையும் கேள்விக்கு வரும்."

"அந்த அம்மா மாட்டிப்பாங்க சார்."

"நீயும் மாட்டிப்ப. உன்னோட சேர்ந்து நானும்."

எழுந்தால் வேலை போகும். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். எழாவிட்டால்? எழாவிட்டால் ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது. அந்த ஒலிப்பதிவை அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை. அது நினைவுக்கு வந்ததும்தான் அவளுக்கு உண்மையில் பயம் பிடித்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். நாற்காலி கிறீச்சிட, அவள் எழுந்துவிட்டாள்.

"மேடம், அந்த வாக்கியம் அவங்க சொன்னது இல்ல. நான் திருத்தினது."

மேலாளர் இரு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"சொன்னது சொன்னபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" அதிகாரியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"போட்டேன் மேடம். அது தப்பு. ஒலிப்பதிவு இருக்கு. கேட்டுப் பாருங்க."

கோப்பைத் தேடி எடுத்து ஒலிபெருக்கியில் போட இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிறகு குரல் வந்தது. "அவங்கதான். எனக்கு விட அவருக்கு அதிகமா குடுத்தாங்க."

வக்கீல் சிரித்தார். "மேடம், 'எனக்கு விட'ன்னு தமிழ்ல கிடையாது. இப்பதான் பேராசிரியரே சொன்னாரு, 'ஐ' வரணும்னு. பிழையான வாக்கியத்துல அர்த்தம் தேட முடியுமா? வாய் தவறி வந்திருக்கும். திருத்தினா 'என்னை விட'தானே வருது? சுத்தி வந்து அங்கேயேதான் நிக்கறோம்."

"பிழைதான்," என்றார் பேராசிரியர். முதல்முறையாக அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஆனா எல்லாப் பிழையும் வாய் தவறி வர்றதில்ல. தமிழைப் பின்னால கத்துக்கிட்டவங்க சிலபேர் வேற்றுமையை மாத்தாமலே 'விட'வை ஒட்டிடுவாங்க. இவங்க அப்படிப்பட்டவங்கன்னா 'எனக்கு'ங்கறது வாங்கினவங்களைத்தான் காட்டும். 'அவருக்கு'க்கு ஜோடி. குடுத்தவங்களைச் சொல்லணும்னா 'நான் விட'ன்னு வந்திருக்கும்."

"வந்திருக்கும்னு நீங்க சொல்றீங்க. ஒரே ஒரு வாக்கியத்தை வெச்சு ஆருடம் சொன்னா எப்படி சார்?"

பேராசிரியர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். வக்கீல் கேட்டது நியாயம்தான்.

திருத்தம்மா கேட்டதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அதே மாதிரி வாக்கியம் இன்னொன்று இருந்தது. இருந்தே ஆகவேண்டும். அந்த ஒலிப்பதிவில் அவளை எரிச்சல்படுத்திய இடங்கள் ஒன்றா இரண்டா? எதைத் திருத்தினோம் என்பதற்கு எந்தக் குறிப்பும் அவளிடம் கிடையாது, ஆனால் எரிச்சல் மறக்கவில்லை. பிரதியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டினாள். பெயர், முகவரி, கல்யாணமான வருடம், கணவரின் வயது. அங்கே விரல் நின்றது. 'அவர் என்னை விட மூன்று வயது பெரியவர்.'

"மேடம், ஆரம்பத்துல, வயசு கேக்கற இடம். அதைப் போடச் சொல்லுங்க. இதையும் நான் திருத்தியிருக்கேன்."

ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த அம்மாவின் குரல், அப்போது பதற்றமில்லாமல், கொஞ்சம் வெட்கத்தோடுகூட: "நான் விட அவர் மூணு வயசு பெரியவரு."

பேராசிரியர் மேசையில் லேசாகத் தட்டினார். "இதோ. 'நான்' வரவேண்டிய இடத்துல 'நான்'. 'எனக்கு' வரவேண்டிய இடத்துல 'எனக்கு'. இவங்க வேற்றுமையைக் கலைக்கறதே இல்ல. நம்ம இலக்கணத்துல ரெண்டும் பிழை. ஆனா இவங்க பேச்சுல ரெண்டும் ஒரே ஒழுங்கு. நாம சரியா பேசினா மறைஞ்சுபோற விஷயம் இவங்க பேச்சுல வெளியிலேயே இருக்கு. இவங்க சொன்னது, எனக்குக் குடுத்ததை விட அவருக்கு அதிகமா குடுத்தாங்கன்னுதான்."

வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, இரண்டு வாக்கியங்களையும் மறுபடி போட்டுக் கேட்டார். பிறகு அந்தப் பிரதியின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். புதுப் பிரதி வேறு ஆளை வைத்து எழுதப்படும், அந்த நர்ஸும் அவள் எழுதிவைத்த மருந்துக் குறிப்பேடும் மறுநாளே இங்கு வந்தாகவேண்டும் என்றார். திருத்தம்மாவைப் பார்த்து, "உங்க மேல தனி விசாரணை உண்டு" என்றார்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். திருத்தம்மா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள். "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க."

அவர் நன்றி சொல்லவில்லை. நேராகப் பார்த்தார். "முப்பத்தாறு வருஷமா இப்படித்தான் பேசறேன். அவர் ஒருநாள் திருத்தினது இல்ல. நீங்க எதுக்கு என் பேச்சுல கை வெச்சீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க வேகமாகப் படி இறங்கிப் போனார்.

நாலு நாள் கழித்து அவர் கணவர் கண் விழித்ததாகச் செய்தி வந்தது. கை கால் இன்னும் சரியாக அசையவில்லை, ஆனால் ஆளை அடையாளம் தெரிகிறது என்றார்கள். அதே வாரம் நர்ஸின் குறிப்பேட்டில் அன்றைய அளவை அழித்து எழுதியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

திருத்தம்மாவின் வேலை போகவில்லை, ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை போயிற்று. அவளை ஒலிப்பதிவுகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்கு மாற்றினார்கள். அவள் எழுதிய பிரதிகளில் இன்னும் முடியாத வழக்குகளுக்கு உரியவை நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் மறுபடி கேட்டு, எங்கெங்கே கை வைத்தோம் என்று எழுதித் தரவேண்டும். மேலாளர் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, பட்டப்பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

அவள் தலையணியை மாட்டி முதல் பதிவை ஓடவிட்டாள். யாரோ ஒரு லாரி ஓட்டுநர், மூச்சு வாங்கியபடி பேசினார். மூன்றாவது நிமிடத்தில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வெகுநேரம் சும்மா இருந்தார். பிரதியில் அந்த வாக்கியம் முழுசாக, அழகாக முடிந்திருந்தது. அவள் ஒலிப்பதிவை நிறுத்தி, பின்னால் நகர்த்தி, மறுபடி கேட்டாள்.