கைராசிக்காரி காயவைத்த கதை

அந்த வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அவளைக் கைராசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. யாருடைய பிரிபுனலாவது அடம் பிடித்தால் அவளிடம்தான் வரும். தண்ணீரும் கரைப்பானும் தனித்தனி அடுக்காக நிற்கவேண்டிய கண்ணாடிப் புனலில் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெள்ளை நுரையாக நிற்கும். அவள் வந்து கொஞ்சம் உப்புக் கரைசல் விடுவாள், புனலை லேசாகச் சுழற்றுவாள், போய்விடுவாள். அரை மணியில் கோடு விழும். அது கைராசி இல்லை, பொறுமை. ஆனால் யாராவது கைராசி என்று புகழும்போது மறுத்துப் பேச அவளுக்கு மனசு வந்ததே இல்லை.

வீட்டில் அவள் கணவனிடம் இந்தப் பெருமை செல்லாது. "அங்க துளித் துளியா பிரிக்கிறவளுக்கு அடுப்புல பால் பொங்கறது தெரியல" என்பான். அன்று காலையும் பால் பொங்கியது. அவளே துடைத்தாள். துடைத்துக்கொண்டே, இன்று செய்யப்போகும் வேலையை நினைத்துக் கொஞ்சம் மார்பை நிமிர்த்திக்கொண்டாள்.

வேலை அவளுடையது அல்ல. பக்கத்து மேசைக்காரியுடையது. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனாலும் அவளுக்குத் தங்கச்சிதான். தங்கச்சி எட்டுப் படி ஏறி ஒரு பொருளைத் தயாரித்திருந்தாள். ஒன்பதாம் படி ஏறுவதற்குள் வயிற்றில் இருந்த பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டது. மிச்சமிருந்ததெல்லாம் ஒரு சின்னக் குப்பியில் அடங்கிய வெளிர்மஞ்சள் தூள். அதைக் கடைசிப் படிக்கு ஏற்றிச் சோதனைக்கு அனுப்பினால்தான் அவளுடைய ஆய்வேடு முடியும். கெட்டுப்போனால் முதல் படியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், கைக்குழந்தையோடு.

"அக்கா, நீங்களே செஞ்சிடுங்க. நீங்க தொட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் தங்கச்சி குப்பியைக் கொடுத்தாள்.

வினை நன்றாகவே நடந்தது. ஒரு கீட்டோனை ஆல்கஹாலாக மாற்றுவது பெரிய வித்தை அல்ல. சோடியம் போரோஹைட்ரைடு தன் வேலையைச் செய்தது. வினை நடந்த மெத்தனாலை ஆவியாக ஓட்டிவிட்டு, தண்ணீரும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானும் விட்டு, புனலில் ஊற்றினாள். அங்கேதான் கைராசி வேலை காட்டியது. மெதுவாகப் புரட்டவேண்டிய புனலை, புதிதாகச் சேர்ந்தவர்கள் இருவர் பார்க்கிறார்கள் என்பதற்காக ஜோராகக் குலுக்கினாள். குழாயைத் திறந்து காற்றை விடும்போது கைதேர்ந்தவள் முகம். புனலை வளையத்தில் மாட்டியபோது உள்ளே நுரைக்கூழ்.

'மத்தவங்களுக்கெல்லாம் சொல்ற வாய், தனக்குன்னு வரும்போது எங்க போகுது?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு உப்புக் கரைசல் விட்டாள், காத்திருந்தாள், பிடிவாதமாக நின்ற நடுப் பகுதியைப் பஞ்சு அடைத்த சின்னப் புனல் வழியாக வடித்தாள். ஒருவழியாக அடுக்குகள் பிரிந்தன. கனமான டைகுளோரோமீத்தேன் கீழே, தண்ணீர் மேலே. கீழே இருந்ததில் ஒரு சொட்டை, பொருளைப் புள்ளியாகக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். பொருள் இருந்தது, கருமையான ஒற்றைப் புள்ளி. புதியவர்கள் இருவரும் "சூப்பர் அக்கா" என்றார்கள். அவள் அடக்கமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பின்னால் நினைத்தால் அவளுக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

கரைப்பானில் இன்னும் ஈரம் இருந்தது. கலங்கலாகத் தெரிந்தது. ஈரத்தை உறிஞ்ச உலர்த்தி போடவேண்டும். வழக்கமான சோடியம் சல்பேட் ஜாடியில் கரண்டி ஒட்டிக்கொண்ட ஒரு கட்டிதான் மிச்சம். பக்கத்து அறையில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கைராசி அக்கா போய்க் கடன் கேட்பதா? அலமாரியில் கால்சியம் குளோரைடு மணிமணியாக இருந்தது. நன்றாக உறிஞ்சும். இரண்டு கை அளவுக்குப் போட்டாள். கலங்கல் போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்தது. திருப்தியாகத் தேநீர் குடிக்கப் போனாள்.

அங்கே தங்கச்சியின் போன் வந்தது.

"என்னக்கா, எப்படிப் போகுது?"

"காயுது. இன்னும் கொஞ்ச நேரத்துல கையில வந்துடும்."

"நான் சாப்பிடாம உக்காந்திருக்கேன்க்கா."

"போய் சாப்பிடு. அக்கா இருக்கேன்ல?"

திரும்பி வந்து வடிகட்டினாள், மணிகளைச் சுத்தக் கரைப்பானால் கழுவினாள், வடிதாளோடு சேர்த்துத் திடக்கழிவு வாளியில் போட்டாள். வேலை செய்த இடம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது அவள் கொள்கை. சுழல் ஆவியாக்கியில் கரைப்பான் ஓடி முடிந்தது. குடுவையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

குடுவை காலி. அடியில் மூச்சு பட்டது போல ஒரு மங்கல், அவ்வளவுதான்.

முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாள். பொங்கி மேலே ஏறியிருக்குமோ என்று தடுப்புக் குமிழைக் கழற்றிக் கழுவிப் பார்த்தாள், இல்லை. தண்ணீர் அடுக்கை அவள் கொட்டவில்லை. பொருள் கைக்கு வரும்வரை எதையும் கொட்டாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் அல்லவா? அதையும் தகட்டில் ஓட்டினாள், இல்லை. பஞ்சில் தங்கியதைக் கழுவினாள், அதிலும் இல்லை. போரோஹைட்ரைடு விற்றவனையும் தன் பிறந்த நேரத்தையும் வரிசையாகத் திட்டிவிட்டு, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபிறகுதான் மூளை வேலை செய்தது. உலர்த்துவதற்கு முன் ஓட்டிய தகட்டில் புள்ளி இருந்தது. வடிகட்டிய பிறகு இல்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தக் கரைசல் சந்தித்த ஒரே ஆசாமி கால்சியம் குளோரைடு. தங்கச்சியின் பொருளோ ஒரு கையில் அமீன், மறு கையில் ஆல்கஹால். கால்சியம் குளோரைடு தண்ணீரைப் போலவே இந்த இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது தெரியாத விஷயமா? போன மாதம்தான் இதே மேசையில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். ஆல்கஹாலுக்கும் அமீனுக்கும் கால்சியம் குளோரைடு பக்கமே போகாதே என்று சொன்னதை ஒரு பையன் குறித்துக்கொண்டான். அவன் குறித்துக்கொண்டான், அவள் மறந்துவிட்டாள்.

'நீ படிச்ச படிப்புக்குப் பாலைப் பொங்கவிட்டதோட நின்னிருக்கலாம்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கழிவு வாளியைத் தேடிப் போனாள்.

வாளி நச்சுக்காற்று உறிஞ்சும் பெட்டிக்குள் இருந்தது. அவளுக்குப் பிறகு யாரோ தங்கள் பழைய சிலிக்கா தூளை அதில் கொட்டியிருந்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு கிண்டினாள். அவளுடைய வடிதாள் அடியில் கசங்கிக் கிடந்தது, பாதி மணிகள் சிதறிவிட்டன. ஆய்வுக்கூடத்தின் கைராசிக்காரி குப்பைக்குள் தலையை விட்டு, வெள்ளைத் தூளுக்குள்ளிருந்து வெள்ளை மணிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். காலையில் "சூப்பர் அக்கா" சொன்னவர்கள் அந்தப் பக்கம் வந்து, "ஏதாவது தேடறீங்களா அக்கா?" என்றார்கள்.

"ஆமா. மானம்."

அவர்கள் நழுவினார்கள்.

மணிகளைப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்துத் தண்ணீரில் கரைத்தாள். கால்சியம் குளோரைடு கரையும்போது சூடேறும். கரைந்தால் பிடியும் தளரும், பொருள் வெளியே வரும். சிலிக்கா மட்டும் கரையாமல் நிற்க, வடிகட்டிவிட்டுப் புது டைகுளோரோமீத்தேனோடு புனலில் ஊற்றினாள். இந்தத் தடவை குலுக்கவில்லை, தூங்கும் பிள்ளையைப் புரட்டுவது போலப் புரட்டினாள். அடுக்குகள் பிரிந்தன. கீழ் அடுக்கை எடுக்கக் குழாயில் கை வைத்தவள் நின்றாள்.

மேல் அடுக்கு ஏன் இவ்வளவு குறைவு? பிளாஸ்டிக் துளிக்குழாயால் ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டாள். அது மேல் அடுக்கோடு கலக்காமல் மணியாக மிதந்தது. அப்படியென்றால் கீழே இருப்பதுதான் தண்ணீர். அவசரத்தில் தண்ணீரைக் குறைவாக விட்டிருந்தாள். அவ்வளவு உப்பும் கரைந்து அது டைகுளோரோமீத்தேனைவிடக் கனத்துப்போய்க் கீழே இறங்கிவிட்டது. இன்னும் நிறையத் தண்ணீர் விட்டுப் புரட்டினாள். அடுக்குகள் சாவகாசமாக இடம் மாறின. காரம் சேர்த்தால் பொருள் முழுசாக வருமே என்று சோடா உப்புக்கு நீண்ட கையை, கால்சியம் வெள்ளையாகத் திரண்டு புனலையே அடைத்துவிடும் என்று கடைசி நொடியில் இழுத்துக்கொண்டாள். ஒரே நாளில் இன்னொரு முட்டாள்தனத்துக்கு அவளிடம் தெம்பு இல்லை. காரத்துக்குப் பதிலாகத் திரும்பத் திரும்பப் புதுக் கரைப்பானை விட்டு எடுத்தாள்.

பக்கத்து அறைக் கதவைத் தட்டி, "கொஞ்சம் சோடியம் சல்பேட் கடன் கிடைக்குமா?" என்றும் கேட்டாள். கேட்டதில் தலையொன்றும் விழுந்துவிடவில்லை.

சாயங்காலம் குடுவையின் அடியில் வெள்ளைப் படிகம் நின்றது. முழுசும் இல்லை. பத்தில் எட்டு இருக்கும். சோதனைக்கு அதுவே தாராளம். அவளுக்கு அழுகை வந்தது. கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, கோட்டின் நுனியால் துடைத்துக்கொண்டாள்.

போனை எடுத்தாள். "வந்துடுச்சு" என்று சொன்னால் போதும். பேர் கெடாது. யாருக்கும் தெரியாது.

"அக்கா! வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலக்கா. இப்பவே ஆய்வேட்டுல எழுதிடறேன். சொல்லுங்க. டைகுளோரோமீத்தேன்ல எடுத்து, உப்புக் கரைசல்ல கழுவி, அப்புறம் எதுல காய வெச்சீங்க? சோடியம் சல்பேட்தானே?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பொய்கூட இல்லை, இரண்டாம் முறை அதுதானே. ஆனால் நாளைக்கு யாரோ அந்த வரியைப் படித்து இதே படியைச் செய்வார்கள். அவர்களுக்கு எட்டுக்குப் பதிலாகப் பத்தும் வரும். கைராசிக்காரியால் ஏன் எட்டுதான் முடிந்தது என்று தங்கச்சி காலமெல்லாம் மண்டையைக் குடைந்துகொள்வாள்.

"முதல்ல கால்சியம் குளோரைடு போட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான்தான் போட்டேன். மொத்தமா பிடிச்சுக்கிச்சு. குப்பையில போட்டுட்டு, அப்புறம் குப்பையில இருந்து பொறுக்கி எடுத்தேன். மன்னிச்சிடு. ரெண்டு பங்கு போயிடுச்சு."

"நீங்களா?"

"நானேதான்."

மறுமுனையில் ஒரு விசும்பல் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது அழுகை இல்லை. தங்கச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு முட்ட, நிறுத்தமுடியாமல், பிரசவத்துக்குப் பிறகு சிரிக்காததையெல்லாம் சேர்த்துவைத்துச் சிரித்தாள்.

"அக்கா, நான் ஒரு தடவை மேல் அடுக்கைக் கொட்டிட்டு ரெண்டு நாள் அழுதேனே, நீங்க என்ன சொன்னீங்க? 'இதெல்லாம் எனக்கு நடந்ததே இல்லை'ன்னு சொன்னீங்க. அன்னைக்கு எனக்கு இந்தப் படிப்பே வேணாம்னு தோணிச்சு தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. நடந்ததே இல்லை என்று அவள் சொன்னதும் பச்சைப் பொய். ஐந்தாறு முறை நடந்திருக்கிறது.

சிரிப்புச் சத்தத்தில் அங்கே குழந்தை விழித்துக் கத்த ஆரம்பித்தது. "இப்பதான்க்கா தூங்கவெச்சேன். உங்களாலதான் எழுந்துடுச்சு. நீங்களே தூங்கவையுங்க" என்று தங்கச்சி போனைக் குழந்தையின் காதருகே வைத்துவிட்டாள்.

புதியவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைராசி அக்கா ஒரு கையில் குடுவையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த இரண்டு வரித் தாலாட்டைச் சுதி சேராமல் பாட ஆரம்பித்தாள். குழந்தை இன்னும் சத்தமாக அழுதது.