டயரியாவில் ஓ உண்டா

பெரிய டாக்டர் ராமசுப்ரமணியனின் சிவப்புப் பென்சிலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் படிக்க மாட்டார், திருத்துவார். இரண்டும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் அவரிடம் டைப்பிஸ்டாக இருந்து பார்த்ததில்லை.

நான் இருந்தேன். திருவனந்தபுரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் என் மேஜை, என் ரெமிங்டன் டைப்ரைட்டர், மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும் கார்பன் தாள்கள். ஐம்பத்து நாலாம் வருஷம், இடவம் என்று அங்கே சொல்கிற வைகாசியின் நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கியபோது உதவி டாக்டர் சிவதாணு தன் ஆய்வுக் கட்டுரையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

சிவதாணு நாஞ்சில் நாட்டுக்காரர். அமெரிக்காவில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்தவர். நல்லவர்தான், ஆனால் பிடித்தால் குரங்குப் பிடி. மேட மாதத்தோடு, அதாவது சித்திரையோடு, கணக்கெடுத்து முடித்த அந்தக் கட்டுரையின் விஷயம் சில வரியில் அடங்கும். நிமோனியா என்றும் தீப்புண் என்றும் வார்டுக்கு வருகிற கைக்குழந்தைகளுக்கு, வந்த சில நாளிலேயே வயிற்றுப்போக்கு கண்டுவிடுகிறது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளுக்கு அநேகமாக அது வருவதில்லை. ஆஸ்பத்திரிப் பால் அறையிலிருந்து பாட்டில் பால் குடிக்கிற குழந்தைகளுக்கு வருகிறது. பாலைக் காலையில் ஒரே அண்டாவில் கரைத்து, எல்லாப் பாட்டிலையும் ஒரே தொட்டித் தண்ணீரில் அலசி, மத்தியானம் வரை வெளியே வைத்திருக்கிறார்கள். நோய் அங்கிருந்து வருகிறது.

டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே தலைநிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தப் பால் அறை என் ஜன்னலுக்கு எதிரேதான் இருந்தது.

சிவதாணு அன்றைக்கே பெரியவரிடம் போய் நின்றார். நானும் நோட்டோடு அங்கே இருந்தேன்.

"சார், பால் அறையை உடனே அடைக்கணும். இல்லேன்னா பாட்டில் ஒவ்வொண்ணையும் கொதிக்க வைக்கவாவது ஒரு ஆர்டர் போடணும்."

"போடலாம். பேப்பர் முதல்ல என் கையெழுத்தோட ஜர்னலுக்குப் போகட்டும். அதோட காப்பியை வச்சு மேலே எழுதறேன். அதுக்கு முன்னாடி அறையைப் பூட்டினா, குழந்தைகளை நாமதான் கொன்னோம்னு நாமளே தம்பட்டம் அடிச்சுண்ட மாதிரி ஆகும்."

அந்த டிபார்ட்மென்டில் அதுதான் வழக்கம். பேப்பர் போகாமல் வார்டில் ஒரு கட்டில்கூட நகராது. ஆக, பேப்பர் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு சீக்கிரம் பால் அறை அடைபடும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். டியூட்டி நர்ஸ் ரோஸுக்குத் தெரியும். அவள் தன் ஷிப்டில் மட்டும் ஸ்டவ்வில் பாட்டில்களைக் கொதிக்க வைப்பாள். அடுத்த ஷிப்டு வந்ததும் பழையபடி தொட்டித் தண்ணீர்.

இரண்டு நாளில் கட்டுரை திரும்பி வந்தது. பக்கமெல்லாம் சிவப்பு. என்ன தப்பு என்று பதறிப் பார்த்தால், வயிற்றுப்போக்கைக் குறிக்கும் டயரியா என்கிற சொல்லைச் சுற்றித்தான் அத்தனை வட்டமும்.

சிவதாணு அமெரிக்க வழக்கப்படி ஹெச்சுக்குப் பிறகு நேரே ஈ போட்டிருந்தார். பெரியவர் எடின்பரோவில் படித்தவர். அவருக்கு அங்கே ஓ-ஈ என்று இரண்டெழுத்து வேண்டும். அனீமியாவுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ஏ-ஈ வேண்டும். நீர்கோத்து வீங்குவதைச் சொல்லும் எடீமாவுக்கு முன்னால் ஓ வேண்டும். பால் அறையைப் பற்றிய பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இல்லை, ஒரு கோடில்லை.

ஓர் எழுத்துத்தானே, செருகிவிட்டால் போயிற்று என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கலாம். டைப் அடித்த வரியில் எழுத்தைச் செருக இடம் ஏது? வரி நீளும், அடுத்த வரி தள்ளும், பக்கம் கெடும். ரப்பரால் அழித்தால் தாள் ஓட்டையாகும், கார்பன் பிரதிகள் கரியாகும். எல்லாம் முதலிலிருந்து. அதுவும் என் மேஜையில் மாத அறிக்கைகளும் மெமோக்களும் காத்துக் கிடக்கும்போது.

"போடச் சொன்னதைப் போட்டுடலாமே, சார்" என்றேன்.

"எதுக்கு? நான் பார்த்த நல்ல ஆராய்ச்சியில பாதி அமெரிக்காக்காரன் செஞ்சது. அவன் எழுதுறது தப்பாக்கும்?" என்று சிவதாணு தாளை வாரிக்கொண்டு போனார். என்னை வரச் சொல்லவில்லை, ஆனாலும் பின்னாலேயே போனேன்.

பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து பாடம் நடத்தினார். கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த சொற்கள் இவை; அந்த இரட்டை எழுத்துதான் அவற்றின் குலம் கோத்திரம். குழந்தை வைத்தியத்தைக் குறிக்கும் பீடியாட்ரிக்ஸில் ஏ-வை எடுத்துவிட்டால் கிரேக்கக் குழந்தை போய் லத்தீன் கால் வந்துவிடும், நாமெல்லாம் பாத வைத்தியர் ஆகிவிடுவோம் என்றார். சுற்றி நின்ற பயிற்சி டாக்டர்களான ஹவுஸ் சர்ஜன்கள் சிரித்தார்கள்.

சிவதாணு சும்மா இருந்திருக்கலாம். "அப்படீன்னா ஃபீட்டஸுக்கு ஏன் சார் ஓ போடுறீங்க? அது லத்தீன்லயே ஓ இல்லாத சொல்லு. பின்னால வந்தவன் தப்பா சேர்த்த ஓவாக்கும் அது" என்றார்.

கருவிலிருக்கும் சிசுவைக் குறிக்கும் அந்தச் சொல்லைப் பற்றி அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் ஹவுஸ் சர்ஜன்கள் அதற்கும் சிரித்துவிட்டார்கள். பெரியவரின் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு அது எழுத்தைப் பற்றிய விஷயமாக இல்லை. கட்டுரையை இழுப்பறையில் வைத்து மூடினார்.

இந்தச் சமயத்தில்தான், மிதுனம் என்கிற ஆனி மாதம் பிறந்ததும், உலகம்மையின் குழந்தை வார்டுக்கு வந்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி உலகம்மை. டைபாய்டு வந்து பெண்கள் வார்டில் கிடந்தாள், பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு நிமோனியா. முத்தாரம்மாள் என்று பெயர். ஊசி நன்றாகப் பிடித்து, நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அது தன் கால் கட்டைவிரலை வாயில் வைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வேலை இல்லாத வேளையில் ஏதாவது சாக்குச் சொல்லி வார்டுக்குப் போவேன்.

அதுவும் பாட்டில் குழந்தைதான். ரோஸ் சிவதாணுவைத் தாழ்வாரத்தில் மறித்தாள்.

"டாக்டர், அந்த எழுத்து எதானா இருக்கட்டும், போட்டுக் குடுத்துருங்க. நான் எட்டு மணி நேரந்தான் இங்க நிக்க முடியும். மிச்ச நேரம் இந்தப் பிள்ளைய யாரு பாக்கது?"

சிவதாணு அன்று மத்தியானம் லைப்ரரிக்குப் போனார். கட்டுரை போகவேண்டிய பம்பாய் ஜர்னலைப் புரட்டி, உள்ளட்டையில் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அச்சிட்டிருந்த குறிப்பை எழுதிக்கொண்டு வந்தார். கட்டுரைக்குள் பிரிட்டிஷ் எழுத்துமுறை, முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக. மேற்கோள் காட்டும் கட்டுரைகளின் தலைப்புகள் மட்டும் மூலத்தில் அச்சானபடி. அவ்வளவுதான். எந்த முறை உசத்தி என்பது கேள்வியே இல்லை. எங்கே அனுப்புகிறோமோ அவர்கள் முறை. முதல் நாளே இருவரில் ஒருவர் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. ஆனைக்கு ஒரு காலம் பூனைக்கு ஒரு காலம் என்று காத்திருந்தார்களே தவிர, யாரும் பார்க்கவில்லை.

"நான்தான் தோத்தேன். எல்லாத்துக்கும் ஓ போட்டுரும்மா" என்றார் சிவதாணு. எனக்கு அவர்மேல் அப்போது இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

கார்பன் பிரதியை வைத்துக்கொண்டு வேகவேகமாக அடித்தேன். பெரியவர் மேஜைக்குப் போயிற்று. திரும்பி வந்தது. இம்முறை கடைசிப் பக்கத்தில் மட்டும் சிவப்பு. சிவதாணு மேற்கோள் காட்டியிருந்த அமெரிக்கக் கட்டுரைகளின் தலைப்பிலும் ஓவைச் சேர்க்க வேண்டுமாம்.

சிவதாணு குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டினார். "சார், அது அவங்க அச்சடிச்ச தலைப்பு. நாம மாத்தப்படாது. இதுல இருக்கு."

"என் பேர் போட்டுப் போற பேப்பர்ல தப்பு எழுத்து இருக்கப்படாது."

"தலைப்பை மாத்தினா தேடுறவனுக்குக் கிட்டாது, சார்."

இந்த முறை சிவதாணுவின் பக்கம்தான் முழு நியாயமும். அதனால் அவர் அசையவில்லை. பெரியவரும் அசையவில்லை. மழை அசையாமல் பெய்தது. நான் அந்தப் பக்கத்தை இரண்டு விதமாகவும் அடித்துத் தயாராக வைத்துக்கொண்டு, இரண்டு பேரில் யார் முதலில் மனுஷராகப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்தாரம்மாளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ரோஸ் வந்து சொன்னபோது சிவதாணு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். உச்சிக்குழி இறங்கிவிட்டது, கண் உள்ளே போய்விட்டது. ஸலைன் ஏற்ற ரத்தக்குழாய் அகப்படவில்லை; தோலுக்கடியில் ஏற்றினார். வீட்டுக்குப் போகாமல் கட்டிலருகிலேயே இருந்தார். கட்டைவிரலைத் தேடிய அந்தக் கால் அசையாமல் கிடந்தது.

மறுநாள் காலை சிவதாணு வார்டிலிருந்து நேரே என்னிடம் வந்து, "அவர் கேட்ட பக்கத்தைக் குடு" என்றார். எல்லா ஓவும் போட்ட பக்கத்தைக் கொடுத்தேன். பெரியவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். வார்டிலிருந்து ரோஸ் வந்து கதவருகே நின்றபோது கையெழுத்தின் மை காய்ந்திருக்கவில்லை. குழந்தை போய்விட்டது என்றாள்.

"சார், பேப்பர்ல சாவுக் கணக்கு டேபிள்ல ஒண்ணு கூட்டணும்" என்றார் சிவதாணு.

"ஆய்வுக் காலம் மேடமாசத்தோட முடிஞ்சுதேப்பா. அதுக்கப்புறம் வந்த கேஸை எப்படிச் சேர்க்கறது?" என்றார் பெரியவர், மெதுவாகத்தான்.

அது சரிதான். ஆய்வின் முறைப்படி அது முழுக்கச் சரி. அந்தக் குழந்தை செத்தது அந்தக் கட்டுரையால்; அந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை. எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. உறையை ஒட்டினேன்.

அந்த வாரமே பால் அறையை அடைத்தார்கள். பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதை நான் மறைக்கக் கூடாது.

உலகம்மைக்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து என் அறைக்கு வந்தாள். சிவதாணு அங்கே இருந்தார். டாக்டர் என்று கண்டதும் கும்பிட்டாள்.

"அய்யா, எனக்குப் பாலு வத்திப்போச்சுல்லா, அதுனாலதான் பிள்ளை போச்சாக்கும்? எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ."

சிவதாணு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இல்லம்மா. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. இங்க குடுத்த பாட்டில் பாலுதான் காரணம். அது கெட்ட பாலு."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். அவள் முகத்தில் முதலில் ஓர் ஆறுதல் வந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

"அது கெட்ட பாலுன்னு உங்களுக்கு எப்பம் தெரியும் அய்யா?"

"மேடமாசமே தெரியும்."

"எம் பிள்ளைய மிதுனத்துலல்லா கொண்டாந்தோம்" என்றாள் உலகம்மை. "பின்ன எதுக்குக் குடுத்திய?"

இங்கிலீஷும் லத்தீனும் படித்த சிவதாணு, என் மேஜையில் கிடந்த கட்டுரையின் கார்பன் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.