முள் என்று சொன்ன ஊசி

ஆஸ்பத்திரி லாரி வரும் நாளில் கொக்கியக்காவுக்குக் கால் தரையில் பாவாது. அந்த லாரி கொட்டுவதைப் பொறுக்கும் உரிமை குப்பைமேட்டில் அவள் கூட்டத்துப் பெண்களுக்கு மட்டும்தான். அதற்காக மற்ற கூட்டத்தோடு எத்தனை நாள் தொண்டை வறளச் சண்டை போட்டிருக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை. சலைன் பாட்டில் நல்ல பிளாஸ்டிக். அழுக்கில்லை, விலையும் உண்டு. ஊசியையும் ரத்தப் பஞ்சையும் தனியாகப் பிரித்து வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குச் சட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஏதாவது ஒரு மூட்டையில் ஊசி வந்துகொண்டுதான் இருந்தது.

ஊசி குத்தியது என்று குப்பைமேட்டுச் சூப்பர்வைசர் காதில் விழுந்தால் லாரியை நிறுத்திவிடுவார். அதனால் கொக்கியக்கா தன் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். குத்தினால் முள் என்று சொல்ல வேண்டும், ஊசி இருந்த மூட்டையைச் சத்தமில்லாமல் கொளுத்திவிட வேண்டும். சட்டத்தை மீற யாருக்கும் துணிச்சல் இல்லை. அவள் நாக்கும் அவள் குப்பை கிளறும் கொக்கியைப் போல வளைந்து கூர்மையாக இருக்கும்.

கையுறை கொடுக்காமல் இல்லை. சூப்பர்வைசர் தடித்த கையுறையாகப் பார்த்து ஆளுக்கொரு ஜோடி கொடுத்திருந்தார். ஆனால் பிளாஸ்டிக்கை நசுக்கிப் பார்த்துத்தானே எந்த ரகம் என்று பிரிக்க முடியும்? கையுறைக்குள் விரல் குருடாகிவிடுகிறது. எல்லாருடைய கையுறையிலும் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் வெட்டிக் கொடுத்தவள் கொக்கியக்காதான். வெட்டியபோது, "இப்ப பாரு, கண்ணு திறந்தாச்சு" என்று சிரித்தாள்.

அன்று காலை அந்தத் திறந்த கண்ணில்தான் ஊசி ஏறியது. குத்துப்பட்டவள் அவள் கூடப்பிறந்த தங்கை, சின்னவள். ஐந்து மாதக் கர்ப்பம். மூட்டையைக் கொக்கியால் கிழித்துத் தரையில் கொட்டிப் பரப்பிவிட்டுத்தான் தொட வேண்டும். குனிந்து நிமிரச் சலித்துப்போய், சின்னவள் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டாள்.

"அக்கா" என்றாள். விரல் வாய்க்குள் இருந்தது.

கொக்கியக்கா அந்தக் கையைப் பிடுங்கி விரலைப் பிசைந்து ரத்தத்தை வெளியே தள்ளினாள். "ஒண்ணுமில்லடி. கெட்ட ரத்தம் போயிடுச்சு. யாராவது கேட்டா முள்ளுன்னு சொல்லு."

"முள்ளு மாதிரி வலிக்கலையேக்கா."

"வலிச்சா என்ன, வலிக்காட்டி என்ன? சொன்னதைச் செய்."

அதட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டின் சரிவுக்குப் போனாள். அங்கே தரையில் ஒரு வெடிப்பு. கிட்டே போனால் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறும். கீழே மக்கும் குப்பையின் வாயு அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது என்று புல்டோசர் ஓட்டும் மண்ணுமாமா ஒரு கழியில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தார். பீடிகூடப் பற்ற வைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கழி அவள் கண்ணில் பட்டது. மனசில்தான் படவில்லை. தீக்குச்சியைக் கிழித்தாள்.

மூட்டை பற்றுவதற்கு முன்பே வெடிப்பு பற்றிக்கொண்டது. பட்டப்பகலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியவில்லை. வெடிப்பின் மேல் காற்று நெளிவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அதற்குள் சுற்றியிருந்த பைகள் உருகிக் கரும்புகை கிளம்பிவிட்டது.

மண்ணுமாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு தூக்கி ஓடி வந்தார்கள்.

"தண்ணிக்கு இது அணையாது, பக்கத்துல வராதீங்க" என்றார். "கம்பியால கிளறவும் கூடாது. கிளறினா காத்துப் போயி இன்னும் எரியும். காத்து வர்ற பக்கமா எல்லாரும் தள்ளி நில்லுங்க. புகை பட்ட பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. அடியில வெந்து பொந்தாகியிருந்தா கால் உள்ள போயிடும்."

மண்ணைத் தள்ளித் தள்ளி வெடிப்பை மூடினார், அழுத்தினார், மறுபடி தள்ளினார். புகை மெலிந்தது. அதற்குள் சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"இங்க என்ன கொளுத்தினீங்க?"

பெண்கள் எல்லாரும் கொக்கியக்காவைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் லாரி போய்விடும். பத்து வாயைக் கட்டிப் போட்டுப் பழகியவளுக்குத் தன் ஒரு வாயைக் கட்டுவது பெரிய காரியமா? குப்பையோடு வந்த கங்கு என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

அப்போது சின்னவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, ஊசியில இருக்கற நோய் வயித்துப் புள்ளைக்கும் போயிடுமா?"

அம்மா செத்த பிறகு இந்தத் தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவள் கொக்கியக்கா. லாரிக்காக இவளையா விற்பது என்று தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நான்தான் கொளுத்தினேன்" என்றாள். "ஆஸ்பத்திரி மூட்டை. உள்ள ஊசி இருந்துச்சு. இவளுக்குக் குத்திடுச்சு. முள்ளு இல்ல."

சூப்பர்வைசர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர், "சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் வாசல் கேட் அருகே இருந்த குழாய்க்கு அழைத்துப் போனார். "உடனே கிளினிக்குக்குக் கிளம்புங்க. ஊசியைப் பிரிச்சு அனுப்புற வரைக்கும் அந்த லாரி இங்க கொட்டாது. நானே போயி சொல்றேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டியேக்கா" என்றாள். கொக்கியக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

துணைக்கு வந்தவள் பேசாமடந்தை ஒருத்திதான். கூட்டத்திலேயே அதிகம் பேசாதவள். பேசினால் வட்டி கட்ட வேண்டுமோ என்று கேலி செய்வார்கள். அழுதுகொண்டிருந்த சின்னவளின் தோளைப் பிடித்தபடி அவள் நடந்தாள்.

கிளினிக்கில் நர்ஸம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார். "கசக்கினீங்களா? கசக்கக் கூடாது, உறிஞ்சவும் கூடாது. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவினா போதும். ஆனா சீக்கிரம் வந்துட்டீங்க, அதுதான் முக்கியம். மூணு நாள் தாண்டியிருந்தா எச்.ஐ.வி. வராம தடுக்கற மாத்திரைக்கு வேலையே இல்ல." ரத்தம் எடுத்தார். மஞ்சள்காமாலைக்கும் டெட்டனஸுக்கும் தடுப்பூசி போட்டார். டாக்டர் எழுதிய மாத்திரையைக் கையில் வைத்து, "ஒரு மாசம். ஒரு வேளை கூட விடக் கூடாது. கர்ப்பத்துலயும் சாப்பிடலாம். நாங்க சொல்ற நாள்ல வந்து மறுபடி ரத்தம் குடுக்கணும்" என்றார்.

கொக்கியக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சுவரில் சாய்ந்தாள்.

நர்ஸம்மா நிமிர்ந்தவர் பேசாமடந்தையைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. எழுந்து வந்து அவள் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். மஞ்சள்.

"எத்தனை நாளா அசதியா இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"சாப்பாடு இறங்குதா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"உனக்கும் ஊசி குத்திச்சா?"

பேசாமடந்தை தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "முன்னாடி ஒரு தடவ. மழைக்காலத்துல."

"அப்பவே ஏம்மா வரல? இந்தக் காமாலைக்குத் தடுப்பூசியாவது போட்டிருக்கலாமே."

கொக்கியக்கா தலை குனிந்து நின்றாள். அவளுக்கு அந்த நாள் நினைவில் இருந்தது. அன்று பேசாமடந்தையின் இதே கை நீண்டது, தன் இதே வாய் முள் என்று சொல்லச் சொன்னது, பேசாமடந்தையும் மறுபேச்சில்லாமல் போய் வேலையைப் பார்த்தாள்.

பேசாமடந்தை அவள் பக்கம் திரும்பவே இல்லை. "நேரம் கிடைக்கல நர்ஸம்மா" என்றாள்.

"பொய் சொல்றா" என்றாள் கொக்கியக்கா. "அவளுக்கு நேரம் இருந்துச்சு. நான்தான் வர விடல."