கம்பியாரின் தலைக்கனம்

மனிதத் தலை ஒன்றின் விலை நூற்றிருபது. கட்டட வேலை நடக்கும் இடத்தின் பெரிய கேட்டுக்கு நேர் எதிரே ஒரு ஃபிளெக்ஸ் கடை. அங்கே கம்ப்யூட்டருக்கு மேல் ஒட்டியிருக்கும் பட்டியல் அப்படித்தான் சொல்கிறது. தலைவேலைக்கு நூற்றிருபது, மூடிய கண்ணைத் திறக்க எண்பது, சட்டைமேல் உடுப்பு மாட்ட நூற்றைம்பது, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைத் தோளோடு தோள் நிறுத்த முந்நூறு. பட்டியலை எழுதியவள் கடைக்காரி. அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லை.

அன்று மதியம் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தவர், எதிர் சைட்டின் பாதுகாப்பு அதிகாரி. சின்ன வயது, வெள்ளை ஹெல்மெட். கடைக்குள்ளும் அதைக் கழற்றவில்லை.

"அக்கா, இந்தப் படத்துல இருக்கிற கம்பியாருக்கு ஒரு ஹெல்மெட், ஒரு சேஃப்டி வெஸ்ட். சாயங்காலத்துக்குள்ள, கேட்ல மாட்ட பாதுகாப்பு போஸ்டர் ரெண்டு. காலையில இன்ஸ்பெக்‌ஷன்."

படத்தில் இருவர் நின்றார்கள். ஒருவர் இதே அதிகாரி, ஹெல்மெட்டும் வெஸ்ட்டுமாக. பக்கத்தில் வெறுந்தலையோடு கம்பி கட்டும் பெரியவர், கையில் சான்றிதழ். பதினோரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் வேலை பார்த்தவர் என்று தலைமை அலுவலகம் தேர்ந்தெடுத்த ஆள்.

"ஆளையே ஹெல்மெட்டோட நிக்கவெச்சு ஒரு படம் எடுத்தா ஆச்சு. எதுக்கு என்கிட்ட காசைக் கொட்டறீங்க?"

அதிகாரி வாசல் பக்கம் கையைக் காட்டினார். கேட்டுக்கு வெளியே, அதே பெரியவர் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள விடலை. ஹெல்மெட் போடமாட்டேங்கறார். ரெண்டு வார்னிங் ஆச்சு. இது மூணாவது." சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதம் எட்டிப்பார்த்தது. "இன்னிக்குக் கொடுத்தா நாளைக்கு கேட் பாஸ் கேன்சல்."

"பாதுகாப்புக்கு அவர் படம், வாசலுக்கு வெளிய அவரு. நல்லா இருக்கு தம்பி உங்க நிர்வாகம்!"

"தலைமை ஆபீஸ் பேர் அறிவிச்சாச்சுக்கா, மாத்த முடியாது. அது சரி, தலை மாத்தவா சொன்னேன்? தொப்பிதானே வைக்கறீங்க. அறுபது போட்டுக்குங்க."

"அறுபதுக்குப் பாதித் தலைதான் மூடும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியுமா? நூற்றிருபதுக்கே முடிந்தது.

வெஸ்ட் வேலை சுலபம். படத்திலிருந்த அதிகாரியின் வெஸ்ட்டையே வெட்டி எடுத்து, பெரியவரின் தோள்மேல் வைத்து, மினுங்கும் பட்டைகளைத் தோள் வளைவுக்கு வளைத்து, கழுத்தில் சட்டைக் காலரை வெளியே எடுத்துவிட்டாள். ஃப்ரீ சைஸ் உடுப்பு, யாருக்கும் வஞ்சனை செய்யாது. அடுத்து ஹெல்மெட். அதையும் அதிகாரியின் தலையிலிருந்தே எடுத்தாள். தொழிலாளிக்கு மஞ்சள் என்பதால் வெள்ளையை மஞ்சளாக்கினாள். ஒரே படம், ஒரே வெயில், ஒரே தூரம். நிழலும் கோணமும் தானாகவே பொருந்தும், அளவை மாற்றவே வேண்டாம் என்று நிம்மதியாக இழுத்துக் கொண்டுபோய் வைத்தாள்.

பூசணிக்காய்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்தது.

கீழே இறக்கினாள். நெற்றிக்குச் சரியாக வந்தது. ஆனால் காதுக்கு மேலே மண்டை இரண்டு பக்கமும் ஹெல்மெட்டின் மேலோட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஐயய்யோ, இது கூடாது" என்றார் அதிகாரி. "மேலோட்டுக்கும் தலைக்கும் நடுவுல இடைவெளி வேணும். மேல ஏதாச்சும் விழுந்தா அடியை உள்வளையம்தான் தாங்கும். இன்ஸ்பெக்டர் முதல்ல இதைத்தான் பார்ப்பார். கொஞ்சம் இழுத்துப் பெருசாக்குங்க."

"கம்ப்யூட்டர்ல நான் இழுப்பேன். உங்க ஸ்டோர்ல யார் இழுப்பா?"

"புரியலைக்கா."

"ஒரே படம் தம்பி. உங்க தொப்பி அவருக்குப் பத்தலை."

"பத்தலைன்னா தலையைச் சின்னதாக்குங்க!"

வாடிக்கையாளர் கேட்டால் செய்துதான் காட்டவேண்டும். தலையைச் சுருக்கினாள். பிறகு வாசலில் போய் நின்று சாலையைத் தாண்டிக் குரல் கொடுத்தாள். "அண்ணே! கம்பிக்கார அண்ணே! கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

பெரியவர் வந்தார். நிலைப்படியில் இடிக்காமல் இருக்கக் குனிந்து, பழகிய ஜாக்கிரதையோடு தலையை முதலில் உள்ளே விட்டார். திரையைப் பார்த்தார்.

"இது யாரு தங்கச்சி?"

"நீங்கதான்."

"என் மச்சான் மாதிரி இருக்கே. அவனுக்கு எதுக்கு என் சான்றிதழைக் கொடுத்தீங்க?"

கடைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேனர் அளக்கும் டேப்பை எடுத்து அவர் நெற்றியைச் சுற்றிப் பிடித்தாள். அறுபத்தாறு சென்டிமீட்டர்.

"தம்பி, உங்க தொப்பியைக் கொஞ்சம் கழட்டி உள்ள என்ன போட்டிருக்குன்னு படிங்க."

தினமும் காலையில் முந்நூறு பேருக்கு ஹெல்மெட் பாடம் எடுக்கும் அதிகாரி, முதன்முறையாக அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "ஐம்பத்திரண்டு... முதல்... அறுபத்திரண்டு வரை." கடைசி எண்ணை இன்னொரு தடவை படித்தார்.

"பின்னாடி அளவு கூட்டுற திருகை முழுசாத் திறந்தும் பார்த்துட்டேன் சார்" என்றார் பெரியவர். "தலையில நிக்கமாட்டேங்குதுன்னு ரெண்டு தடவையும் சொன்னேனே."

"நான்... நீங்க பிடிவாதமா பேசறீங்கன்னு நெனச்சேன்."

"கடிதத்துல என்ன எழுதியிருக்கு?" என்று கை நீட்டினாள் கடைக்காரி. மறுக்க வழியில்லாமல் கொடுத்தார். அவள் சத்தமாகவே படித்தாள்: "'தலைக்கனம் காரணமாக ஹெல்மெட் அணிய மறுக்கிறார்.'"

பெரியவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். "முதல் பாதி நிஜம்தான் சார்."

அதிகாரியின் முகம், படத்தில் மாற்றியிருந்த ஹெல்மெட் நிறத்துக்கு வந்தது. கழற்றிய ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி சரி, நாளைக்கு முதல் வேலையா பார்க்கிறேன். இப்ப போஸ்டரை முடிங்க, நேரமாகுது" என்றார்.

வியாபாரி வீட்டில் பிறந்தவளுக்கு 'நாளைக்கு' என்ற சொல்லின் மதிப்பு தெரியும். அது பூஜ்யம். சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணன் தலைக்கு ஆகிற தொப்பி உலகத்துல இருக்கா?"

"இருக்கு. பெரிய உள்வளையம் போட்டது, அறுபத்தெட்டு வரைக்கும். சப்ளையர்கிட்ட கேட்கணும்."

"கேளுங்க. ஆர்டர் போட்டாத்தான் நான் படத்துல இழுப்பேன். இல்லாத தொப்பியை இருக்குன்னு காட்ட என் பட்டியல்ல ரேட் இல்லை. கடிதமும் என் மேஜையிலயே இருக்கட்டும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், போனை எடுத்தார். சப்ளையர் காலை ஏழு மணிக்குக் கொண்டுவருவதாகச் சொன்னதை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவள் சுட்டியைத் தொட்டாள். தலையைப் பழைய அளவுக்கு விரித்தாள். ஹெல்மெட்டை இடைவெளி வரும்வரை இழுத்தாள். விளிம்புக்குக் கீழே நெற்றியில் நிழல் போட்டாள், மோவாய்க்கு அடியில் வாரை இறுக்கினாள்.

"இப்பத்தான் நான்" என்றார் பெரியவர்.

அதிகாரி பேனாவை வாங்கி, கடிதத்தில் 'மறுக்கிறார்' என்பதை அடித்துவிட்டு, 'இயலவில்லை' என்று எழுதி, ஸ்டோருக்கு அனுப்பும் கோப்பில் செருகினார். 'தலைக்கனம்' அப்படியே இருந்தது. அதற்கு மாற்றாக ஒரு சொல் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு, புது மஞ்சள் ஹெல்மெட்டோடு பெரியவர் கேட்டுக்கு வந்தார். காவலாளி போஸ்டரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"படத்துல வார் இறுக்கமா இருக்கு பெரியவரே. உங்களுக்குத் தொங்குது."

பெரியவர் வாரை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் திருப்தியாகக் கிளம்பியதும், அதிகாரி கடைக்கு வந்து பில்லை வாங்கிப் படித்தார்.

ஹெல்மெட் வைத்தது: 120
வெஸ்ட் மாட்டியது: 150
தலையைச் சுருக்கி, மறுபடி விரித்தது: 60
போஸ்டர் இரண்டு: 500
மொத்தம்: 830. வரவு: 830.
அண்ணனிடம் மன்னிப்பு, ஒன்று: நிலுவை.