இரண்டு பேர் படிக்கணும், வெளியே போகக் கூடாது

வகுப்பில் எல்லோரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுவாள் என்பதால் வந்த பெயர். போன முறை கட்டுரை சமர்ப்பிப்பதற்கு முன் அவளிடம் பதினோரு பேர் தங்கள் வரைவைக் கொடுத்துக் கருத்து கேட்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்து, எங்கே குழப்பம், எங்கே இழுவை என்று எழுதிக் கொடுத்தாள். அவளுடைய கட்டுரைக்குத் திரும்பி வந்தது மூன்று கட்டைவிரல் படமும் ஒரு "செம"வும்தான்.

இந்த முறை தலைப்பு, "நான் அருகில் பார்த்த ஒரு வேலை". வெள்ளிக்கிழமை கடைசி நாள். முந்தைய வாரமே வகுப்புக் குழுவில் அவள் எழுதினாள்:

"எல்லாருக்கும் வணக்கம். கட்டுரையை மாத்திப் படிக்கிறதுக்குச் சில விதி வச்சுக்கலாமா? பிடிக்கலன்னா சொல்லுங்க, மாத்திக்கலாம். வரைவு கொடுக்கிறவங்களுக்குத்தான் கருத்து கிடைக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடணும். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ரெண்டு கட்டுரை. நண்பனுக்கு நண்பன்னு கிடையாது. செவ்வாய்க்குள்ள கருத்து போயிடணும், திருத்த நேரம் வேணும்ல. 'சூப்பர்'ங்கிறது கருத்து இல்ல. எது புரியல, எது நல்லா நிக்குது, எதை வெட்டலாம், இந்த மூணையும் சொல்லுங்க. அடுத்தவங்க வாக்கியத்தை நீங்களே மாத்தி எழுதாதீங்க. முக்கியமா, படிக்கக் கொடுத்தது படிக்கிறவங்களைத் தாண்டிப் போகக் கூடாது."

"தலைவி வாழ்க" என்றான் ஒருவன். கல்லூரி விழா எதுவானாலும் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொள்வதால் மைக் என்று பெயர் வாங்கியவன், "இதுதான் ஜனநாயகம், முழு ஆதரவு" என்று இதயம் போட்டான். ஒருவரும் மறுக்கவில்லை.

மறுநாள் மாடிப்படியில், வகுப்பே அக்கா என்று கூப்பிடும் பெண் அவளை நிறுத்தினாள். வகுப்பிலேயே மூத்தவள், மகன் பள்ளியில் மேல்வகுப்பு படிக்கிறான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலைமுறை வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புக்கு வந்திருந்தாள்.

"நிஜமாவே வெளிய போகாதாம்மா?"

"போகாதுக்கா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களே."

"நான் இதுவரைக்கும் யாருக்கும் காட்டினதில்ல. அதான் கேட்டேன்."

சீட்டில் அக்காவின் கட்டுரை வக்கீலுக்கும் மைக்குக்கும் விழுந்தது. சலவைக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தாள். ரத்தம், சீழ், மலம், எந்தத் துணியை எந்த மூட்டையில் கட்டுவது, கையுறை கிழிந்தால் என்ன ஆகும், எல்லாம் இருந்தது. எழுத்துப்பிழைகளும் இருந்தன. நடுவில் ஓரிடத்தில் வக்கீல் நின்றுவிட்டாள்: "படுக்கை விரிப்பு பொய் சொல்லாது. யார் ராத்திரி முழுக்கப் புரண்டார்கள், யார் அசையவே இல்லை என்று துவைக்கிறவளுக்குத் தெரியும்." இதை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள், இயந்திரங்களின் விவரம் நீளம், கடைசிப் பத்தி யாரைப் பற்றியது என்று புரியவில்லை என்று விதிப்படி எழுதி அனுப்பினாள்.

செவ்வாய் மதியம் உணவகத்தில் பக்கத்து மேசையில் ஒரே சிரிப்பு. வக்கீலோடு அறையில் தங்கியிருக்கும் குட்டி, சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

குட்டி தன் கைபேசியை மேசைக்கடியில் நீட்டினாள். எட்டு பேர் மட்டும் இருந்த தனிக் குழு. அதில் அக்காவின் கட்டுரையில் அந்தப் படுக்கை விரிப்பு வரி இருந்த பத்தியைப் பிடித்த படம். பிழைகளுக்குச் சிவப்பு வட்டம். மேலே மைக் எழுதியிருந்தான்: "சாப்பிட்டுட்டுப் படிக்காதீங்க மக்களே." கீழே வரிசையாகப் பச்சை வாந்தி முகங்கள். "இனிமே அவங்க பக்கத்துல யார் உக்கார்றது?" என்று ஒருத்தி.

வக்கீல் தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நேராகப் பக்கத்து மேசைக்குப் போனாள்.

"யார் உனக்கு இந்த உரிமையைக் குடுத்தது?"

மைக் கூச்சமே படவில்லை. "அட, ஒரு பாராதானே. முழுக் கட்டுரையையா அனுப்பினேன்? பேர் கூட இல்ல. உன் விதியை நல்லாப் படிச்சுப் பாரு வக்கீல்."

"அக்காவுக்கு என்ன கருத்து எழுதின?"

அவன் பெருமையாகக் காட்டினான். "மனசைத் தொட்டுட்டீங்க அக்கா. கண் கலங்கிடுச்சு."

வாந்தி முகத்தைவிட இது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரே விரல்தான் இரண்டையும் தட்டியிருக்கிறது.

அன்று மாலை அவள் மருத்துவமனையின் பின்வாசலுக்குப் போனாள். நீராவியும் பினாயிலுமாக மூச்சு முட்டியது. அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வந்தாள். வக்கீல் நடந்ததைச் சொன்னாள்.

"என்னை நம்பித்தானேக்கா குடுத்தீங்க."

"நீ என்னம்மா பண்ணுவ. எத்தனை பேர் பாத்தாங்க?"

"எட்டு பேர்."

"என் மூஞ்சியைப் பாத்துக் காலையில வணக்கம் சொன்னவங்கதான் எல்லாரும்." அக்கா சுவரில் சாய்ந்தாள். "இங்க இருக்கிற நாத்தம் எனக்குப் பழகிடுச்சு. குளிச்சாப் போயிடும். இதை என்ன பண்றதுன்னுதான் தெரியல. நான் வேற எதையாவது எழுதிக் குடுத்துடறேன்."

வக்கீல் கெஞ்சியும் அக்கா கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நூலகர் வேலையைப் பற்றிப் பிழையில்லாத, உயிருமில்லாத இரண்டு பக்கத்தைக் கொடுத்தாள்.

வக்கீல் வகுப்புக் குழுவில் நடந்ததை அக்கா பெயரைச் சொல்லாமல் எழுதி, விதியை மீறியவன் யார் என்பதை மட்டும் பெயரோடு எழுதினாள். "விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கோ", "பரீட்சை நேரத்துல இதெல்லாம் தேவையா" என்று பதில்கள் வந்தன. மைக் நீளமாக மன்னிப்புக் கேட்டான். பத்து கைகூப்பு. அதற்கு முப்பது பேர் இதயம் போட்டார்கள். அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த வாரம் மேடம் கட்டுரைகளோடு வந்தார். "ஒண்ணு ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆரம்பத்தை மட்டும் படிக்கிறேன்" என்று மைக்கின் தாளை எடுத்தார். ஆதரவற்றோர் இல்லத்தில் துணி துவைக்கும் பெண்மணியின் "புனிதமான உழைப்பு" பற்றி எழுதியிருந்தான். மேடம் நிறுத்தி நிதானமாகப் படித்தார்: "படுக்கை விரிப்பு பொய் சொல்லாது..."

அந்த வரி முதல் பத்தியில் இருந்தது. வக்கீல் அக்காவுக்குச் சொன்ன இடத்திலேயே. எழுந்திருக்கப் போனவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"அது என் வரி மேடம்."

மேடம் தாளைத் தாழ்த்தினார். "நான் சலவைக்கூடத்துல வேலை பாக்கிறேன். படிச்சுப் பாக்கத்தான் குடுத்தேன். சிரிச்சாங்க. அப்புறம் எடுத்துக்கிட்டாங்க."

"எல்லாருக்கும் தோணக்கூடிய வரிதானே மேடம்" என்றான் மைக்.

வக்கீல் எழுந்து படத்தை மேடத்திடம் காட்டினாள். அவன் தன் கையாலேயே பரப்பிய படம். தேதி, சிவப்பு வட்டங்கள், வாந்தி முகங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. மேடம் வெகுநேரம் பார்த்தார். முகம் சுளித்தது. யாரைப் பார்த்துச் சுளித்தார் என்பதில் வகுப்பில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

"இதுக்குப் பூஜ்யம்" என்று மைக்கின் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "துறைத் தலைவர்கிட்ட நீயே வந்து சொல்லு. அந்த எட்டு பேரும் வகுப்பு முடிஞ்சதும் என்னைப் பாருங்க." பிறகு அக்காவிடம், "உங்க கட்டுரையைத் திங்கட்கிழமை குடுக்கிறீங்களா?" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

வெளியே வராந்தாவில் மைக் பின்னாலேயே வந்தான். "அக்கா, பிடிச்சுப்போய்த்தான் எடுத்தேன். ஒரு வகையில அது பாராட்டுதானே?"

அக்கா நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தள்ளி நில்லுப்பா" என்றாள், அவ்வளவுதான்.

படியிறங்கும்போது வக்கீலிடம் சொன்னாள்: "கடைசிப் பத்தி புரியலன்னு எழுதியிருந்தியே. அது என் அம்மாவைப் பத்தி. எழுதினா நீ மட்டும் படி."